ஒன்று, சைபர், சைபர்

விழுந்ததா, வைத்ததா என்பதுதான் அமலோற்பவத்துக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது. பில் போடுகிற மெஷினுக்கும் கண்ணாடித் தடுப்புக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் இடைவெளி. அதில் ஒரு சீட்டு நட்டமாக நின்றது, எழுத்து உள்பக்கம், முதுகு இந்தப் பக்கம். விழுகிற காகிதம் சாய்ந்து விழும், மடங்கும், ஒரு மூலையாவது நசுங்கும். இது இஸ்திரி போட்ட மாதிரி நிற்கிறது. திங்கட்கிழமை காலை ஏழரை மணி, கதவைத் திறந்து இன்னும் கைப்பையைக்கூட ஆணியில் மாட்டவில்லை, ஃபேன் சுற்ற ஆரம்பித்த காற்றில் அது லேசாக ஆடியதால்தான் கண்ணில் பட்டது. ஆடியிருக்காவிட்டால்? மத்தியானம் வரைக்கும் நின்றிருக்கும். மத்தியானம் யாராவது வந்து, காலை டூட்டி யாரு, அமலோற்பவம் மேடம்தானே, இந்தச் சீட்டை ஏன் அமுக்கி வைச்சிருக்காங்க என்று கேட்டிருப்பார்கள். இரண்டு விரலால் இடுக்கி எடுத்தாள். பெண்கள் எலும்பு வார்டு, படுக்கை ஒன்பது, இசக்கியம்மாள், வயது அறுபத்து நாலு, ராத்திரி ஒன்று நாற்பது, டாக்டர் நவநீதன் கையெழுத்து, பதிவு எண் முத்திரை. எல்லாம் ஒழுங்கு. இல்லாதது என்னவென்றால், மருந்து கொடுத்ததும் பேருக்குப் பக்கத்தில் போடுகிற சிவப்பு டிக் இல்லை, வலது மூலையில் பில் நம்பர் இல்லை, 'வழங்கப்பட்டது' என்கிற நீல முத்திரை இல்லை. ராத்திரி இங்கே உட்கார்ந்திருந்தவன் கோமதிநாயகம். காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது என்ன சொன்னான்? ஃபிரிட்ஜ் நாலு டிகிரிக்கா, பூட்டு அலமாரி சாவி இந்தா, குளுக்கோஸ் பாட்டில் ரெண்டு பெட்டி இறக்கிருக்கு, வேற ஒண்ணுமில்லக்கா. வேற ஒண்ணுமில்லக்கா. அதை அவள் கேட்கவே இல்லையே, அவனாகத்தானே சொன்னான். ஒன்றும் இல்லாதவன் ஒன்றும் இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வந்தது. செருப்பைத்தான் பார்த்தான், வாரை மாட்டுகிற சாக்கில் குனிந்தே இருந்தான். தூக்கம் என்று நினைத்தாள். அவனுக்கு எப்பவுமே தூக்கம். போன மாசம் ஆபீஸ் ரூமுக்கு ஒரு பெயர் போடாத கடிதம் போனது, காலை டூட்டியில் இருக்கிறவர் மருந்து உறையில் எழுதாமல் வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறார் என்று. அதை யார் எழுதியிருப்பார்கள்? நோயாளிக்கு 'மருந்து உறை' என்கிற வார்த்தை எங்கே தெரியும், அவர்களுக்குக் கவர், பொட்டலம். கவுண்டருக்கு உள்ளே இருக்கிறவன்தான் அப்படி எழுதுவான். உள்ளே இருப்பது மூன்று பேர். சாயங்கால டூட்டிக்காரிக்கு ஒரு வரி எழுத மூன்று நாள் ஆகும். மீதி யாரு? அப்போது ஒரு கடிதம், இப்போது ஒரு சீட்டு. கடிதம் பலிக்கவில்லை, ஆபீஸில் ஒரு சொல்லோடு விட்டுவிட்டார்கள். சீட்டு பலிக்கும். வார்டில் மருந்து போகாமல் ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால், கடைசியாக யார் கையில் சீட்டு இருந்தது என்றுதான் தேடுவார்கள். இப்போது யார் கையில் இருக்கிறது? உள்ளங்கை வேர்த்ததில் பெருவிரல் அடையாளம்கூடப் பதிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்போன் அடித்தது. அடித்த விதமே சரியில்லை, காத்திருந்து அடித்தது போல இருந்தது.

"அக்கா, எலும்பு வார்டு புஷ்பலீலா பேசுறேன். ஒன்பதாம் பெட்டுக்கு ராத்திரி ஒரு சீட்டு வந்துச்சே, மாத்திரை வரவே இல்லையே?"

"இப்பத்தான் பாத்தேன் சிஸ்டர்."

"இப்பத்தானா? ஆறு மணிநேரம் ஆச்சுக்கா. எட்டு மணிக்கு டோஸ். ரவுண்ட்ஸ்ல எங்களத்தான் வறுத்து எடுப்பாங்க."

"அனுப்புதேன் சிஸ்டர். அஞ்சு நிமிஷம்."

அனுப்புதேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிக் குழைந்து சொன்னாள்? தப்புச் செய்தவள் குரல் மாதிரி இருந்ததே. ஆறு மணிநேரம் ஆச்சு என்று அந்தப் பெண் சொன்னதில் ஒரு இழுப்பு இருந்தது, ஆறு மணிநேரமும் அமலோற்பவம்தான் இங்கே குத்தவைத்து உட்கார்ந்திருந்த மாதிரி. கை அதுபாட்டுக்குப் போனது. இருபத்து மூன்று வருஷத்துக் கை, அதற்குக் கண் வேண்டாம், மேல் தட்டில் தனியாக வைத்திருக்கிற சின்னப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தது, சீட்டில் மெத்தோட்ரெக்சேட் ஏழரை மில்லிகிராம், அட்டையிலும் ஏழரை, காலாவதி அடுத்த வருஷம், பேட்ச் நம்பர் தட்டினாள், மெஷின் கடகடவென்று அடித்தது. பெட்டிமேல் 'கவனம்' என்று சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது, அவளே ஒட்டியது. ஒட்டி நாலு வருஷமாகித் தினமும் பார்த்துப் பார்த்து அது பெட்டியோட நிறமாகிவிட்டது. மனசு இங்கே இல்லை, கோமதிநாயகத்தின் சட்டையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தது, ஏண்டா உனக்கு நான் என்ன செஞ்சேன், உன் மகளுக்குக் காய்ச்சல் என்றபோது ரெண்டு ராத்திரி உன் டூட்டியையும் சேர்த்துப் பார்த்தேனே, அதுக்கா. உறையை எடுத்தாள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்த உறை. சீட்டில் ஒன்று, சைபர், சைபர். காலைக் கட்டத்தில் ஒன்று போட்டாள். மதியத்தில் கோடு. இரவில் கோடு. பேனா அதோடு நிற்கவில்லை. உறையின் மேலே போனது, தானாகப் போனது, இந்த மருந்துக்கு எப்போதும் போகிற இடத்துக்குப் போய் நின்றது. அங்கே சிவப்பில் குறுக்கே பெரிசாக எழுதுவாள், வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்று, எந்தக் கிழமை என்று. என்ன கிழமை? சீட்டைப் பார்த்தாள். கிழமை இல்லை. வாரம் என்கிற சொல்லே இல்லை. ஒன்று, சைபர், சைபர், அவ்வளவுதான். தினமும் காலை ஒன்று.

முட்டுவலி, மூட்டு வீக்கம், கை விரலெல்லாம் கோணிப் போகிற அந்த வியாதிக்குக் கொடுக்கிற மாத்திரை. வாரத்துக்கு ஒன்று போட்டால் மனுசி எழுந்து நடமாடுவாள். தினம் ஒன்று போட்டால் என்ன ஆகும் என்பது அமலோற்பவத்துக்குப் புஸ்தகத்தில் படித்த சங்கதி இல்லை. படிப்பு முடிந்து பயிற்சிக்கு நின்ற ஆஸ்பத்திரியில் ஒரு தையல்காரர் வந்தார், ஒன்பது நாள் தினசரி போட்டுவிட்டு. வாய் முழுக்கப் புண், உதடு வெடித்து, எச்சில் முழுங்க ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ரத்தத்தில் வெள்ளை அணு தரைமட்டம். எலும்புக்கு உள்ளே ரத்தம் ஊறுகிற இடமே வற்றிப் போச்சு என்று டாக்டர் சொன்னார். பதினோராம் நாள் கட்டில் காலி. அவர் மனைவி பொட்டலத்தை விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தாள், எழுதினபடிதான் குடுத்தேன், எழுதினபடிதான் குடுத்தேன். அந்த உறையில் காலைக் கட்டத்தில் ஒன்று இருந்தது. நீல மையில். அமலோற்பவம் தன் கையில் இருந்த உறையைப் பார்த்தாள். அதுவும் நீல மைதான். மெஷினில் பில் தொங்கியது. இன்னும் ஒரு நிமிஷம் கோமதிநாயகத்தோடு மனசுக்குள் மல்லுக்கட்டியிருந்தால் பொட்டலம் லிஃப்டில் ஏறியிருக்கும். பில்லைக் கிழித்து, ரத்து என்று தட்டி, மாத்திரையைப் பெட்டியில் போட்டு மூடினாள். மூடியதும் இன்னொரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது, முதலில் வந்ததைவிடக் கனமாக. அவனுக்குத் தெரியுமா? தெரிந்தா அங்கே சொருகினான்? தெரியாமல் மறந்தவன் சீட்டை முதுகு காட்டித் திருப்பி நிறுத்துவானா? தெரிந்தவன் என்றால், வாயில் என்ன கொழுக்கட்டையா? செல்லில் அவனைக் கூப்பிட்டாள், மூன்றாம் தடவை அடித்தபிறகுதான் எடுத்தான். பின்னால் பஸ் இரைச்சல்.

"கோமதி, ஒன்பதாம் பெட்டு சீட்டு."

"பாத்துட்டியளாக்கா?"

"பாத்துட்டியளாவா? ஏல, பாக்கணும்னுதான் வச்சியா, பாக்கக் கூடாதுன்னு வச்சியா?"

"பாப்பீயன்னுதான்க்கா. அந்தப் பொம்பளையோட மக ராத்திரி வந்துச்சு. சீட்ட வாங்கிப் பாத்தா தினமும்னு இருக்கு. காலையில வாம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"டாக்டர்ட்ட கேட்டியா?"

"வார்டுக்கு அடிச்சேன். டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காருன்னாங்க. மறுபடி அடிக்க... இல்லக்கா. அவர் பெரிய டாக்டரோட தங்கச்சி மவன். நான் ஒப்பந்தத்துல நிக்கேன். நீங்க கேட்டா மரியாதையா இருக்கும்."

"காலையில எங்கிட்ட சொல்ல என்ன?"

"சொன்னா நோட்டுல எழுதச் சொல்லுவீய. எழுதினா எம்பேரு இருக்கும்லா."

அவள் வைத்துவிட்டாள். திட்டவில்லை. திட்டுவதற்கு வாய் வரும்போதுதான் பதினோரு வருஷத்துக்கு முந்தின மத்தியானம் வந்து வாயை அடைத்தது. ஒரு குழந்தைக்கு எழுதின மருந்தின் அளவு கூடுதலாகத் தெரிந்து அவள் டாக்டர் ரூமுக்கே போய்க் கேட்டாள். நாற்பது பேர் வரிசை. அவர் சீட்டை வாங்கவில்லை, அவளைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். நான் எழுதுறதுக்குப் படிச்சேன், நீங்க எடுத்துக் குடுக்கப் படிச்சீங்க, இல்லையா? வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு பெண்ணுடையது, இன்றைக்கும் பஸ்ஸில் அப்படிச் சிரித்தால் திரும்பிப் பார்ப்பாள். அதுக்குப் பிறகு அவள் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்காமல் இருக்க வழி தேடினாள். பெரிய சந்தேகத்துக்குப் போன், சின்னச் சந்தேகத்துக்கு ஒரு பெருமூச்சு. கோமதிநாயகம் செய்தது என்ன, அவள் செய்ததில் கொஞ்சம் கூடுதல். அவன் செய்ததில் பாதி சரிதானே, மருந்து போகவில்லையே, சீட்டு கீழே இருக்கிறவரை அந்தப் பொம்பளைக்கு ஆபத்தில்லை, டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து சாவகாசமாகக் கீழே வரும்போது காதோடு காதாகச் சொன்னால் போதும், அவருக்கும் மானம் போகாது. இப்படி மனசு தன்னைத் தானே தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. சீட்டு கீழே இருக்கிறது. உத்தரவு எங்கே இருக்கிறது? கட்டில் காலில் தொங்குகிற சார்ட்டில் இருக்கிறது. சீட்டு வெறுமனே மருந்து அனுப்பு என்று கேட்கிற காகிதம். சிஸ்டர் கொடுப்பது சார்ட்டைப் பார்த்து. கீழே இருந்து மருந்து வராவிட்டால் வார்டில் என்ன செய்வார்கள்? எல்லா வார்டிலும் செய்வதைத்தான். வீட்டு மருந்து கொண்டாந்திருக்கீங்களாம்மா என்று கேட்பார்கள். அந்த டாக்டருக்கு இந்த மாத்திரை பேர் எங்கே இருந்து கிடைத்திருக்கும்? பொம்பளையின் பையில் இருந்த அட்டையைப் பார்த்துத்தான். அப்படியானால் அட்டை மேலேயே இருக்கிறது. மருந்து போகவில்லை, போகவில்லை என்று இங்கே அவள் நிம்மதிப்பட்டுக்கொண்டிருக்க, மருந்து ராத்திரியில் இருந்தே கட்டிலுக்குப் பக்கத்தில் பையில் இருக்கிறது. கடிகாரம் எட்டுக்குப் பத்து நிமிஷம். உள்போனை எடுத்தாள், வார்டு எடுக்கவில்லை. எட்டு மணிக்கு எந்த வார்டும் எடுக்காது, எல்லாரும் மருந்துத் தள்ளுவண்டியோடு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருப்பார்கள். கவுண்டரில் நாலு பேர் நின்றார்கள். மருந்தாளர் இல்லாமல் கவுண்டர் திறந்திருக்கக் கூடாது, டூட்டியில் இருக்கிறவர் இறங்கிப் போகவும் கூடாது. ஷட்டரைப் பாதி இழுத்தாள். "ஏம்மா, எங்க போறீய, இன்சுலின் ஒண்ணு மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்று ஒருத்தர் கையை நீட்டினார். வாரேன் என்று சொன்னாளா, சொல்ல நினைத்தாளா தெரியவில்லை. லிஃப்ட் நாலாம் மாடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. படியில் ஏறினாள். முதல் திருப்பத்தில் முழங்கால் பேசியது. இரண்டாம் திருப்பத்தில், புஷ்பலீலா போனில் இன்னொன்று சொன்னாளே, எட்டு மணிக்கு டோஸ் என்று, அது கெஞ்சலா, இல்லை தகவலா?

ஒன்பதாம் படுக்கை ஜன்னலோரம். இடுப்பு எலும்பு முறிந்த பொம்பளை மல்லாக்கப் படுத்திருந்தாள், காலுக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை முட்டுக் கொடுத்திருந்தது, ஆபரேஷன் மறுநாள். பக்கத்தில் ஸ்டூலில் மகள், பேச்சிக்கனி என்று கூப்பிட்டார்கள். அவள் ஒரு கையில் தண்ணீர், மறு கையில் சின்ன பிளாஸ்டிக் குப்பி. குப்பியில் நாலைந்து மாத்திரை. நடுவில் மஞ்சளாக ஒன்று. தள்ளுவண்டி பதிமூன்றாம் படுக்கைக்குப் போயிருந்தது.

"குடுக்காதீங்கம்மா. அதை எங்கிட்டக் குடுங்க."

மகள் குப்பியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"நீங்க யாரு?"

"கீழ மருந்து குடுக்கிற இடத்துல இருக்கேன்."

"மருந்து குடுக்கிறவியளா? ராத்திரி நாய வெரட்டுற மாதிரி காலையில வான்னு வெரட்டினது உங்க ஆளுதானே? இப்ப வீட்டுலருந்து கொண்டாந்த மாத்திரையையும் புடுங்க வந்துட்டியளா? நல்ல மாத்திரைய எடுத்துக்கிட்டு சொத்தைய மாத்தி வைப்பாகன்னு ஊர்ல சொல்லுதாக, சரியாத்தான் இருக்கு."

அமலோற்பவத்துக்குப் படியேறின மூச்சு வாங்கியது. இப்படித்தான் இருக்குமோ, காலையில் இருந்து ஒவ்வொருத்தரையும் தான் பார்த்த பார்வை? அந்தப் பார்வை இப்போது எதிரே உட்கார்ந்து தன்னைப் பார்த்தது. கையை நீட்டினால் இவள் குப்பியை ஆத்தா வாயில் கவிழ்த்துவிடுவாள், பிடிவாதத்துக்கே கவிழ்த்துவிடுவாள். நீட்டின கையை மடக்கிக் கட்டில் கம்பியில் வைத்தாள்.

"புடுங்கல தாயி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், சொல்லிட்டு நீங்களே வச்சுக்கோங்க. இந்த மஞ்ச மாத்திரைய வீட்டுல என்னைக்குப் போடுவாங்க?"

"காலையில."

"எந்தக் காலையில?"

மகள் வாயைத் திறக்கும் முன்னால் படுத்திருந்தவள் முந்திக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை. இதத்தான் நானும் அப்போ புடிச்சு சொல்லுதேன், ஏட்டி, நேத்துத்தானே முழுங்கினேன், இன்னைக்கும் ஏன் நீட்டுதன்னு. ஆஸ்பத்திரியில வச்சு ஆத்தா வாயடிக்காதன்னு என்னயே அதட்டுதா."

"ராத்திரி டாக்டர்ட்ட ஞாயித்துக்கிழமைன்னு சொன்னியளாம்மா?"

"அவரு எத்தனைன்னு கேட்டாரு," என்றாள் பேச்சிக்கனி. குரல் இறங்கிவிட்டது. "காலையில ஒண்ணுன்னேன். என்னைக்குன்னு கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா. சிஸ்டர்தான் இப்ப பையில இருந்தா எடும்மான்னாக, எடுத்தேன். தினமும் போட்டா என்ன?"

அமலோற்பவம் அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டில் பக்கத்தில் வைத்துப் பதில் சொல்லவில்லை. சொல்லாததிலேயே மகளுக்கு என்னவோ விளங்கியிருக்க வேண்டும், குப்பியை நெருப்பு மாதிரி தரையில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் நவநீதன் வார்டு மேசையில் நின்றுகொண்டே காபி குடித்துக்கொண்டிருந்தார். சின்ன வயசு, கண் இரண்டும் ராத்திரி முழுக்கத் திறந்தே இருந்து சிவந்த கண். சீட்டை மேசையில் வைத்தாள், வைத்தாளே தவிர ஒரு மூலையில் விரலை அழுத்திக்கொண்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. கிழமை இல்லை டாக்டர் என்றாள். நாற்பது பேர் வரிசை பின்னால் நிற்கிற மாதிரி முதுகு கூசியது, யாராவது சிரிக்கிறார்களா என்று காது தேடியது. அவர் படித்தார். திரும்பப் படித்தார். காபி டம்ளரை வைத்த இடம் மேசை விளிம்பு, அது விழுவதற்குள் புஷ்பலீலா பிடித்துக்கொண்டாள்.

"குடுத்தாச்சா?"

"இல்ல. குப்பியில இருக்கு."

அவர் சார்ட்டைப் புரட்டினார், எட்டு மணிக் கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்தார், மூச்சை விட்டார். மூச்சு விட்டபிறகுதான் பயம் வந்தது முகத்தில். "மேடம், அந்தச் சீட்டைத் தாங்க. நான் புதுசா ஒண்ணு எழுதித் தந்துடுறேன். பழசு எதுக்கு?" சிரித்தபடிதான் கேட்டார். பிள்ளை கேட்கிற மாதிரிதான் கேட்டார். கொடுத்தால் என்ன, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, இவன் ஒரு நல்ல பிள்ளையாக ஆயுசு முழுக்கக் கிழமை கேட்பான். கொடுத்தால் ராத்திரி ஒன்று நாற்பதுக்கு எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்றால் கோமதிநாயகம் மருந்தைக் கொடுக்காமல் விரட்டினான், அவ்வளவுதான், அவள் கவுண்டரைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள், அவ்வளவுதான். விரல் மூலையை விடவில்லை.

"கிழிக்க வேண்டாம் டாக்டர். இதுலயே அடிச்சு எழுதுங்க. தேதி, நேரம், கையெழுத்து. சார்ட்லயும். வாரம் ஒரு தடவை, ஞாயிறு மட்டும்னு. அடுத்த டோஸ் ஆபரேஷனுக்குப் பிறகு பாத்துக்கலாமான்னு பெரிய டாக்டர்ட்ட கேட்டுட்டு. ரத்தத்துல அணு எண்ணிக்கையும் ஒரு தடவை பாத்துருங்க."

கேட்டுட்டு என்ற சொல்லில் அவர் நிமிர்ந்தார். சொல்லுவாரோ, எழுதப் படிச்சவன் நான், எடுத்துக் குடுக்கப் படிச்சவ நீ. உதடு அசைந்தது. பிறகு பேனாவைத் தேடினார், சட்டைப் பையில் இருந்த பேனாவை இரண்டு பையிலும் தேடினார். ஒன்று, சைபர், சைபர் மேல் ஒரே கோடு இழுத்தார், அடியில் எழுதினார். எட்டு பன்னிரண்டு என்று நேரம் போட்டார். புஷ்பலீலா போய்க் குப்பியில் இருந்து மஞ்சள் மாத்திரையை மட்டும் பொறுக்கி எடுத்து மகள் கையிலேயே கொடுத்து, ஞாயித்துக்கிழமை வரைக்கும் முடிச்சுப் போட்டு வை என்றாள்.

இறங்கும்போது லிஃப்ட் வந்தது, அவள் ஏறவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அந்தப் பையன் ராத்திரி முழுக்க எழுதியிருக்கிறான். எத்தனை பேர் சேர்ந்தார்கள் நேற்று? ஒவ்வொருத்தரிடமும் எத்தனை என்று கேட்டிருப்பான், எல்லாரும் எத்தனை என்று சொல்லியிருப்பார்கள். கோமதிநாயகத்துக்கு இந்த ஒரு மருந்து தெரிந்திருந்தது, அதனால் இந்த ஒன்று நின்றது. தெரியாதது எங்கே நிற்கும்? ஷட்டரைத் தூக்கியதும் ஏழெட்டுக் கை உள்ளே வந்தது. எங்கம்மா போனீய, நேரமாவுது, சீட்டப் புடிங்க. இன்சுலின்காரருக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தாள். "எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க" என்றாள். இழுப்பறையைத் திறந்து, நேற்று ராத்திரி கொடுத்து முடித்த சீட்டுக் கட்டை எடுத்து ரப்பர் பேண்டை உருவினாள். முப்பத்தேழு இருந்தது. மேல் சீட்டில் சிவப்பு டிக் இருந்தது, பில் நம்பர் இருந்தது, நீல முத்திரை சாயாமல் நேராக விழுந்திருந்தது, ஒரு குறையும் இல்லை. அமலோற்பவம் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, முத்திரைக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள்.